அகதா வீட்டுச் சிவப்பு விளக்கு

சிவப்பு விளக்கு என்று யாராவது சொன்னாலே அகதாவுக்குத் தோள்பட்டை வலிக்கும். இன்டர்நெட் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் அவளுக்கு வேலை. மலாக்காவின் பத்து பெரண்டாம் என்ற ஊரில் உள்ள தன் வீட்டு அறையிலேயே, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, காலை முதல் சாயங்காலம் வரை அடுத்தவர் வீட்டு மோடங்களின் கதையைக் கேட்பாள். மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி, இடையிடையே தமிழில். எந்த மொழியில் வந்தாலும் புகார் ஒன்றுதான்: நெட் போய்விட்டது, பெட்டியில் சிவப்பாக மின்னுகிறது.

அகதாவின் பதிலும் ஒன்றுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால், கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். பில் கட்டாததால் வெட்டிவிட்டீர்களா என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. பில்லுக்காக நிறுத்தினால் அந்த விளக்கு சிவக்காது ஐயா, ஒளி வந்துகொண்டுதான் இருக்கும் என்று அவர்களுக்கு அவள் விளக்க வேண்டும். பிறகு, மோடத்தை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போடுங்கள். பச்சை முனையுள்ள மெல்லிய வயர் இரண்டு பக்கமும் இறுக்கமாகச் சொருகியிருக்கிறதா பாருங்கள். எங்காவது மடிந்தோ நசுங்கியோ இருக்கிறதா பாருங்கள். முனையைக் கழற்றினால் விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்துகிற சின்ன ஓட்டையைத் தொடவே வேண்டாம், உள்ளே இருக்கிற செட்டிங் எல்லாம் போய்விடும்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்பார்கள். நாற்காலியை விட்டு எழுந்த சத்தமே கேட்டிருக்காது.

பொய் சொல்கிறவர்கள் மீது அவளுக்குக் கோபம்கூட வருவதில்லை. அவ்வளவு அலுப்பு. செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, இந்தப் பத்து பெரண்டாம் ஃபேக்டரியில் இருபது வருஷம் ஷிஃப்ட் பார்த்து, அந்த ஃபேக்டரி மூடிய பிறகு கிடைத்தது இந்த வேலை. முதலில் ஆயர் கெரோ என்ற ஊரில் இருக்கும் ஆபீசுக்குத்தான் போய் வந்தாள். ரெஜினால்டுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, காலில் விழாத குறையாகக் கேட்டு வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கினாள்.

ரெஜினால்ட் அவள் கணவர். ஒயர்மேன். செலண்டாரிலிருந்து புலாவ் செபாங் வரைக்கும் பாதி வீடுகளுக்கு அவர் இழுத்த மின்கம்பிதான். ஒயர் வேலையில் ஒரு சுருக்கம், ஒரு தொங்கல் இருக்கக்கூடாது அவருக்கு. சுவரோடு சுவராக, மூலையில் மடக்கி, இறுக்கிக் கட்டினால்தான் சாப்பாடு இறங்கும். இப்போது வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க, கழிவறைக்குக் கூட்டிப்போக, கஞ்சி ஊட்ட அகதா வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. லைன் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அது திரும்ப வர வேண்டும், கைப்பேசி நெட்டை வைத்துச் சமாளிக்கக் கூடாது. மூன்று முறை தவறினால் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும். ஒரு முறை கால்வாய் தோண்டியவன் கேபிளை வெட்டினான், இன்னொரு முறை லாரி கம்பத்தில் மோதியது. இரண்டுக்கும் அகதா பொறுப்பில்லை. ஆனால் கணக்கில் இரண்டும் அவள் பேரில்தான் ஏறின. கோவிலில் சாமி கேட்கும், கம்பெனியில் யார் கேட்பார்கள்?

அன்று அக்டோபர் மாதத்து ஒரு காலை. ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அகதா வீட்டு முறை. ஹாலில் திரு இருதய ஆண்டவர் படமும் அதற்கு முன்னால் எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு பல்பும் இருக்கிற பீடத்தை, விடிவதற்கு முன்பே துடைத்துப் பூ வைத்து வெள்ளைத் துணி விரித்திருந்தாள். மோடமும் அந்தப் பீடத்தின் ஓரத்தில்தான். ரெஜினால்டை வீல்சேரில் பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அறைக்குள் போய் வேலையைத் தொடங்கினாள்.

ஜாசினிலிருந்து ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்தப் பெட்டில..." என்றவரின் குரல் பாதியில் அறுந்தது. கம்ப்யூட்டர் திரை உறைந்து நின்றது.

அகதா ஹாலுக்கு ஓடினாள். மோடத்தில் பச்சை விளக்கு இல்லை. எல்.ஓ.எஸ். சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக ஊருக்குச் சொன்ன விளக்கை, பிறர் கண்ணால் மட்டுமே பார்த்திருந்தவள் போல ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள்.

"என்னங்க, கரண்ட் ஏதும் போச்சா?"

ரெஜினால்ட் இல்லை என்று தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு திருப்தி இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மோடத்தை அணைத்து, பொறுத்து, போட்டாள். சிவப்பேதான். மோடத்தின் பின்னால் சொருகியிருந்த பச்சை முனையை அழுத்திப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது. வெளியே ஓடி, பக்கத்து வீட்டு இருசம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வீட்ல நெட் இருக்கா?"

"இருக்கேம்மா. பேரன் டிவி பாக்குறானே. ஏன், உனக்கு இல்லயா? ஐயோ, இன்னைக்குன்னு பாத்தா போகணும் லா?"

அப்படியானால் தெரு முழுக்கப் போகவில்லை. அகதாவுக்கு மட்டும்தான். எது நடந்தாலும் தனக்கு மட்டுமே நடக்கிறது என்ற பழைய எண்ணம் அவளை அழுத்தியது. கைப்பேசியில் தன் கம்பெனிக்கே போன் போட்டாள். தினமும் தான் பேசுகிற எண்ணுக்குத் தானே அழைத்து, தான் வெறுக்கிற அந்தக் காத்திருப்பு இசையை நின்றபடியே கேட்டாள்.

கடைசியில் எடுத்தது ஷாந்தினி. ஆபீசில் ஒரு காலத்தில் பக்கத்து மேசையில் இருந்த பெண்.

"அக்கா, நீங்களா! ஒரு நிமிஷம், பாக்குறேன்... உங்க மோடத்துக்கு லைட்டே வரல அக்கா. அதே லைன்ல மத்த வீடு எல்லாம் ஓகே. உங்க பக்கம்தான் ஏதோ. டெக்னிஷியன் நாளைக்குத்தான் கிடைப்பாரு."

"நாளைக்கா? நாளைக்கு வந்தா என்னய ஆபீசுக்கு இழுத்துருவாங்க ஷாந்தினி. இவர யாரு பாப்பா?"

"தெரியும் அக்கா. ஆனா ரிப்போர்ட் போடுறதுக்கு முன்னாடி நான் கேட்டே ஆகணும். வயரு எங்கயாச்சும் மடிஞ்சிருக்கா? சுவர்ல இருக்கிற சாக்கெட் வரைக்கும் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றாள் அகதா.

சொன்ன வாய் மூடுவதற்குள் காது கூசியது. அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமான குரல். மறுமுனையில் ஷாந்தினிக்கும் அந்தக் குரல் பழக்கம்தானே.

"இரு, இப்பத்தான் பாக்குறேன்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தாள்.

சுவர் சாக்கெட் பீடத்துக்குப் பின்னால் இருந்தது. அலங்காரம் கலைந்துவிடும் என்றுதான் அவள் அங்கே கை வைக்கவில்லை. வெள்ளைத் துணியை மெதுவாக விலக்கினாள். காலையில் அங்கே வயர்கள் தாறுமாறாகத் தொங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது ஒன்றுகூடத் தொங்கவில்லை. பல்பு வயர், எக்ஸ்டென்ஷன் வயர், அவற்றோடு மோடத்தின் மெல்லிய மஞ்சள் வயர், எல்லாம் ஒரே கட்டு. மிச்சமிருந்த மஞ்சள் வயர், படம் மாட்டிய ஆணியைச் சுற்றி நெருக்கமாகப் பல சுற்று. அதன்மேல் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை ஒன்று, பல்லால் கடித்து இழுத்த தடத்தோடு. பார்க்க அழகாக இருந்தது. ஒயர்மேன் ரெஜினால்டின் வேலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

செப்புக் கம்பி இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். கண்ணாடி இழை பொறுக்காது. அத்தனை சின்ன வளைவில் ஒளி திரும்பாமல் வெளியே சிந்திவிடும்.

"யாரு உங்கள இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று கத்திவிட்டாள். "சும்மா உக்காந்திருக்கக் கூடாதா? இதனால என் வேலை போச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் எங்க போறது?"

ரெஜினால்டின் இடது கை மடியில் விழுந்தது. "மாதா... வராங்க... அசிங்கமா..." என்று குழறினார். மேலே பேச்சு வரவில்லை. விழுந்தபின் இத்தனை மாதத்தில் அவர் செய்த முதல் வேலை அது.

அகதா கத்தரிக்கோலால் டையை மட்டும் வெட்டினாள். இழுக்காமல், ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். உள்ளே முறிந்திருந்தால் புது வயர்தான், நாளைக்குத்தான். முறியவில்லை என்றால்... சேசுவே, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கடைசிச் சுற்று அவிழ்ந்து வயர் அகலமாகத் தொங்கியது. சிவப்பு இரண்டு முறை மின்னி, அணைந்தது. பச்சை துடித்தது. துடித்துக்கொண்டே இருந்து, நிலைத்தது.

"வந்துருச்சு அக்கா!" என்று கீழே கிடந்த போனிலிருந்து ஷாந்தினி சொன்னாள். ஒரு மணி நேரம் ஆகவில்லை. மூன்றாவது தடவை ஏறாது.

சந்தோஷப்பட வேண்டியவள் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெஜினால்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க எந்தக் கம்பெனியும் வழி வைக்கவில்லை. வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அறைக்குப் போய், கதவைச் சாத்தாமல் ஹெட்செட்டை மாட்டினாள்.

அடுத்து வந்தது ஒரு பெண். பெட்டியில் சிவப்பாக மின்னுகிறதாம்.

"அந்த மெல்லிசு வயரு எங்கயாச்சும் மடிஞ்சிருக்காம்மா? சுவரு வரைக்கும் பாத்தீங்களா?"

"பாத்துட்டேங்க, பாத்துட்டேன்."

"சரிம்மா, பரவால்ல. இன்னொரு தடவ எழுந்து போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன், அவசரமில்ல." அடுத்து அகதா சொன்னது கம்பெனி கொடுத்த எந்த வாசகத்திலும் இல்லாதது. "வீட்ல யாராச்சும் வயர எடுத்துக் கட்டி வச்சாங்களான்னு கேளுங்க. கட்டியிருந்தா திட்டாதீங்கம்மா. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க."

அந்தப் பெண் எழுந்து போகிற சத்தம் கேட்டது. அகதா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. ரெஜினால்ட் வீல்சேரைப் பீடத்தோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். மஞ்சள் வயரை இடது கையால், இறுக்கி மடக்காமல், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அகலமான வட்டமாக, சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டேப்பு" என்றார், அவளைப் பார்த்து.