லைன் வீட்டுக்கு வந்த லிங்க்

ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே எழுதிக்கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி அடிக்கடி வரும். முன்பெல்லாம் தேர்தலோடு வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பக்கத்து வீட்டு மாமா போனை நீட்டிக்கொண்டு வந்தார். மைனுக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

"வீடு நமக்கே வருதாம்மா. ஆப்பை எறக்கி பேரைப் பதியணுமாம். இன்னிக்கே கடைசி."

"யாரு அனுப்பினாங்க?"

"நம்ம லைன் சங்கத்து செக்ரெட்டரி."

"அவருக்கு?"

"யாரோ நல்ல மனுசன்."

செய்திக்கு அடியில் சுருக்கிய லிங்க் ஒன்று. எங்கே கொண்டுபோகும் என்று பார்த்தால் தெரியாது. நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் பழுது கேட்டு அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். லிங்க்கைத் திறக்காமல், அழுத்திப் பிடித்து காப்பி செய்து, சுருக்கத்தை விரித்துக் காட்டும் ஒரு தளத்தில் ஒட்டினேன். முழு முகவரியும் நீண்டு வந்தது.

"பாத்தியா, கவர்மெண்ட் பேரு இருக்குது!" என்றார் மாமா.

"முன்னாடி யாரு பேரை வேணா ஒட்டிக்கலாம் மாமா. இந்த ரெட்டைச் சாய்கோட்டைத் தாண்டி வர்ற மொத ஒத்தக் கோட்டுக்கு முன்னாடி, கடைசியா இன்னா இருக்குதுன்னு பாருங்க. அதான் சொந்தக்காரன்."

அங்கே அர்த்தமில்லாத எழுத்துகளும் .xyz என்பதும் இருந்தன. அரசுத் தளமென்றால் அந்த இடம் gov.in என்று முடிந்திருக்கும். முகவரியின் வால் .apk. பிளே ஸ்டோர் பக்கமே போகாமல் நேராக போனுக்குள் இறங்கும் கோப்பு. அதை நிறுவி, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் ஓடிபி லிங்க்கை அனுப்பிய மோசடிக்காரனுக்கும் போய்விடும் என்றேன்.

மாமா யோசித்தார். "அப்போ வீடு?"

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை எழுதிப் போட்டேன். சிலர் கைகூப்பினார்கள். செக்ரெட்டரி மட்டும் பொறுப்பாகக் கேட்டார்: "நன்றி சிஸ்டர். அப்ப ஒரிஜினல் லிங்க் அனுப்புங்க."

புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் ரயிலில் மாமாவிடமிருந்து ஒரு ஃபார்வர்டு. நான் எழுதிய அதே எச்சரிக்கை, என் எழுத்துப்பிழையோடு. மேலே 'சைபர் போலீஸ் அறிவிப்பு' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். கீழே ஒரு வரி: போலி லிங்க்குகளைக் கண்டுபிடிக்கும் ஆப்பை இங்கே இறக்கவும். பக்கத்தில் சுருக்கிய லிங்க். விரித்துப் பார்த்தேன். வேறு பெயர், அதே .apk.

பதறிப்போய் போன் செய்தேன். "மாமா, அமுத்திட்டீங்களா?"

"நான் எதுக்கு அமுத்தறேன்? நீ காட்டின மாதிரியே ஒட்டிப் பாத்துட்டேன். உன் எழுத்து இருந்துச்சா, நீ நம்பி அமுத்துறியா பாக்கலாம்னு அனுப்பினேன்."

அவர் சிரித்த சிரிப்பு எதிர் சீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும்.