திருப்பி அனுப்பவும்

எனக்குக் கலியாண எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, நான்கு நாள் லீவு வேண்டியிருந்த மாதமாகப் பார்த்துத்தான் எங்கள் கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் புதிய படிவத்தில் ஆசை வந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. கப்பல் அணையும் ஜெட்டியில் நிற்கும் மேற்பார்வையாளர்கள் தங்கள் முறை முடிந்ததும் அறிக்கை எழுதுவார்கள்: எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எப்போது நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு இறங்கியது, எது சேதமானது. அதைப் படமெடுத்து என் கைபேசிக்கு அனுப்புவார்கள். நான் சரிபார்த்துக் கொழும்புக்கு அனுப்புவேன். படம் கலங்கலாக இருந்தால் "திருப்பி அனுப்பவும்" என்று பதில் போடுவேன். மூன்று வருடமாக அவர்களோடு நான் அதிகம் பேசிய வசனம் அதுதான்.

வந்த சுற்றறிக்கை ஆங்கிலத்தில் ஒரு பக்கம். முதலாம் திகதியிலிருந்து எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே படிவம். பழையது முந்தின நாளோடு நின்றுவிடும். வேலை நின்றதற்கான காரணத்தை வசனமாக எழுதாமல் இலக்கத்தால் குறிக்க வேண்டும். மழைக்கு ஒன்று, லொறி வராததற்கு ஒன்று, இயந்திரம் பழுதானதற்கு ஒன்று. முதலாம் திகதிக்குப் பிறகு பழைய படிவம் வந்தால் ஏற்கக் கூடாது, கொடுத்தவரிடமே கொடுத்துவிட வேண்டும். அதைத் தமிழில் எழுதி ஜெட்டியில் ஒட்டும் வேலை எனக்கு.

சுருக்கமாக எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒரு பக்கத்தை ஐந்து வரியாக்கினேன். கடைசி வரி: "பழைய படிவத்தில் எழுதியவற்றைத் திருப்பி அனுப்பவும்." வாசித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. எனக்கு நானே ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

லீவுக் கடிதத்தை நீட்டியபோது மனேஜர் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மூண்டாம் திகதி பின்னேரத்துக்குள்ள எங்கட ஜெட்டி ரிப்போட் எல்லாம் புதுப் படிவத்தில கொழும்புக்குப் போயிருக்கவேணும், தங்கச்சி. போனால் லீவு. போகாட்டி என்னைக் கேக்கவேண்டாம்."

"போகும் சேர்," என்றேன். எனக்கென்ன, பறந்துகொண்டிருந்தேன். ஆறாம் திகதி எழுத்து. மாப்பிள்ளை கப்பலில் வேலை செய்கிறவர். பத்தாம் திகதி ஏறினால் ஒன்பது மாதம் கடலில். ஏற்கெனவே ஒருமுறை அவருடைய கப்பல் பிந்தி வந்து எழுத்தும் பிந்தியது. இன்னொருமுறை பிந்தினால் அம்மா என்னைக் கடலில் தள்ளிவிடுவா.

முதலாம் திகதி காலையில் கைபேசி கிணுகிணுத்தது. ஜெட்டியில் மூத்த மேற்பார்வையாளரின் அறிக்கை. கிண்ணியா ஊர்க்காரர்; எங்கள் எல்லாருக்கும் அவர் நானா, மூத்த அண்ணன். பழைய படிவம். சிரித்துக்கொண்டே பதில் போட்டேன்: "பழைய படிவம். திருப்பி அனுப்பவும்." புதியதில் எழுதி என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் அதே படம் மறுபடி வந்தது. முந்தியதைவிட வெளிச்சமாக, ஓரம் வெட்டாமல், மிக அழகாக.

மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. பின்னேரத்துக்குள் மற்ற மேற்பார்வையாளர்களும் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பழைய அறிக்கையும் இரண்டு தரம் வந்தது. பதில் போட்டால் மூன்றாம் தரமும் வந்தது. இரண்டாம் திகதி என் கைபேசியில் இடமில்லாமல் போய், மாப்பிள்ளை அனுப்பிய கலியாண மோதிரத்தின் படத்தை அழித்து நானாவின் அறிக்கைக்கு இடம்விட்டேன். அப்போதுதான் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. எல்லாரும் சேர்ந்து வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

மூன்றாம் திகதி காலை கொழும்பிலிருந்து அழைப்பு. "உங்கள் துறைமுகத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லையே?" மனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குக் கீழே கிடந்த என் கடிதத்தைப் பார்த்தார். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினேன்.

உரக் கப்பல் ஒன்று நின்றது. நானா லொறிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன்: "நானா, உங்களுக்கு என்னில என்ன கோபம்? ஏன் பழசையே அனுப்புறீங்கள்?"

அவர் என்னைவிடக் கூடக் கத்தினார். "நீங்கதானே மகள் திருப்பி அனுப்பச் சொன்ன! நானும் மூணு தரம் திருப்பித் திருப்பி அனுப்பிட்டன். இன்னும் எத்தன தரம் அனுப்பச் சொல்றீங்க?"

"புதுசில எழுதச் சொல்லி ஒட்டியிருக்குத்தானே!"

"அது புதுக் கப்பலுக்கு. இது போன மாசமே இறக்கத் தொடங்கின கப்பல். பாதியில படிவம் மாத்தேலுமா? பழசில எழுதினதத் திருப்பி அனுப்பு எண்டு நீங்கதான் எழுதியிருக்கீங்க. கொழும்புக்கு ஒண்டு, உங்களுக்கு ஒண்டு எண்டு நினைச்சம்."

சுவரில் என் அறிவித்தல். என் கச்சிதமான கடைசி வரி. அறிக்கை வாங்குகிறவருக்கான விதியாக நான் 'கொடுத்தவருக்கே' என்ற பொருளில் எழுதிய 'திருப்பி'யை, நானே மூன்று வருடமாகப் பழக்கிவைத்த 'மறுபடியும்' என்ற பொருளில் ஒரு ஜெட்டி முழுக்க வாசித்திருந்தது. பாதி இறக்கிய கப்பலுக்கு எந்தப் படிவம் என்று நானும் எழுதவில்லை, கொழும்பும் எழுதவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க ஏலவில்லை. உர மூட்டையில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். நானா பயந்து தண்ணிப் போத்தலை நீட்டினார்.

கொழும்பைக் கேட்டேன். கப்பலைப் பார்க்கவேண்டாம், வேலை நடந்த திகதியைப் பார்க்கவும் என்றார்கள். முதலாம் திகதியிலிருந்து எல்லாம் புதியது. சிற்றுண்டிச்சாலைக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். நானாவும் மற்றவர்களும் தங்கள் பழைய அறிக்கைகளை வாசிக்க நான் புதிய கட்டங்களை நிரப்பினேன்.

"லொறி வரயில்ல, முக்கால் மணித்தியாலம்," என்றார் நானா. "ரோட்டில மான் படுத்திருந்த." எங்கள் ஊரில் மான்கள் தெருவிலேயே திரியும்.

"மானுக்கு இலக்கம் இல்லையே!"

"திருகோணமலைக்குப் படிவம் போடக்குள்ள மானுக்கு இலக்கம் போடாம விடலாமா?"

லொறி வராத இலக்கத்தையே போட்டேன். குறிப்புக்கென்று இருந்த சின்ன இடத்தில் மானையும் எழுதினேன். எழுதியவர்கள் ஒவ்வொருவராகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு மணிக்கு முன் எல்லாம் கொழும்புக்குப் போனது. கிடைத்தது என்று பதிலும் வந்தது.

மனேஜரிடம் ஓடினேன். அவர் கடிதத்தை எடுத்தார், பேனையை எடுத்தார், நிறுத்தினார். "நல்ல வேலை. ஆனால் இப்ப நீங்கள் போனால், இவங்கள் நாளைக்குப் பழசுக்குப் போனால், ஆர் பாக்கிறது? ஒரு கிழமை கழிச்சுப் போகேலாதோ?"

ஏழு நாள் கழித்துப் போனால் மாப்பிள்ளை நடுக்கடலில் இருப்பார். அறிக்கைக் கோப்பைக் கொடுக்க என் பின்னால் வந்திருந்த நானா வாசலிலிருந்தே சொன்னார்: "சேர், புள்ளைய விடுங்க. பழசில ஒண்டு போனா என்ட சம்பளத்த நிப்பாட்டுங்க. கொழும்புக்கு நானே அனுப்புறன்."

மனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நான் இருவருக்கும் நன்றி சொல்ல மறந்து படியிறங்கி ஓடினேன்.

ஆறாம் திகதி பதிவாளர் எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார். எத்தனையோ படிவம் நிரப்பிய நான் அன்றைக்கு அதிலே கையெழுத்துப் போட்டேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். சந்தோசத்தில்தான். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். கப்பல் ஏற நான்கு நாள் இருந்தது. நான்கும் எங்களுடையவை.