இராசமலரின் காற்றுப் புகாத அலுமாரி

தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரைப் பார்த்து, “ஐயா, கையை மறையாதேங்கோ, மந்திரத்தைப் பிறகும் சொல்லலாம்” என்று கத்தக்கூடிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து இராசமலர் அக்காதான். அளவெட்டியில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. என் தங்கச்சியின் கலியாணத்தை எடுத்தவர் அவர். மூன்று கமரா, இரண்டு நாள். மாப்பிள்ளை சிரிக்காமல் நின்றதற்காக, “தம்பி, உம்மை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு வரேல்லையே?” என்று மணவறையிலேயே கேட்டவர்.

முன்னர் அவர் தையல் வகுப்பு நடத்தினார். சாமத்தியவீடு என்கிற பூப்புநீராட்டு விழாக்களில் பெண்பிள்ளைகளைப் படமெடுக்க ஆண்கள் வந்து நிற்பது அம்மாமாருக்குப் பிடிக்கவில்லை என்று கண்டார். தையல் மெசினை விற்று ஒரு கமரா வாங்கினார். முதல் வீடியோவில் முக்கால்வாசி தலைகள் வெட்டுப்பட்டிருந்தன. “தலையைத்தான் எல்லாரும் எடுக்கினம், நான் சீலையை வடிவா எடுத்திருக்கிறன்” என்று சொல்லி அதற்கும் பாராட்டு வாங்கினார். இருபது வருடத்தில் தலைகளும் சரியாக வந்துவிட்டன.

நான் கனடாவுக்குத் திரும்புகிற நாள் காலை, எட்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றோடு அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனேன். மொத்தப் படப்பதிவும் அவருடைய கம்பியூட்டரில் மட்டும்தான் இருந்தது. மறுநாள் நீர்வேலியில் இரண்டு நாள் கலியாணம். அதற்கு இடம் வேண்டுமென்பதால் அன்றே எங்களுடையதை அழிக்க வேண்டும். எடிட்டிங்கைக் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற ஒரு மச்சான் செய்வதாகச் சொல்லியிருந்தான். முழங்கால் சத்திரசிகிச்சையால் கலியாணத்துக்கு வர முடியாமல் கனடாவிலேயே நின்ற அம்மா, தாலி கட்டுகிறதை நான் கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஒரு கிழமையாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் பிற்பகல் இரண்டரைக்கு ஸ்டூடியோ வாசலுக்கு வரும். படப்பதிவு எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ஜிபி.

“இன்ரர்நெற்றிலை அனுப்பினா என்னக்கா?” என்று முதலிலேயே கேட்டிருந்தேன்.

“அனுப்பலாம் தம்பி. போய்ச் சேரேக்கை உம்மடை தங்கச்சியின்ரை பிள்ளைக்குச் சாமத்தியவீடு நடக்கும். அதையும் நானே எடுக்கிறன்.”

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். என்னுடைய டிஸ்க்கை வாங்கி, நெற்றியில் விபூதி பூசுவதுபோல் அதன் மூடியில் மூன்று கோடு இழுத்துவிட்டு, அலுமாரிக்குள் வைத்தார். அந்த அலுமாரி அவருடைய கணவர் தியாகராசா அண்ணை செய்தது. தச்சுவேலை செய்தவர், இப்போது ஓய்வு. கண்ணாடிக் கதவு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டி, பின்பக்கம் வயர் போகிற அளவுக்கு மட்டும் ஓட்டை, அந்த ஓட்டையையும் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். வலிகாமத்துச் செம்பாட்டு மண் செந்தூசியாகக் கதவிடுக்கெல்லாம் புகும். அதோடு ஒருமுறை ஒரு பல்லி கம்பியூட்டருக்குள் குடும்பம் நடத்தி, மதர்போர்டோடு சேர்ந்து கருகியது. அதன் பிறகு டிஸ்க் எல்லாம் அலுமாரிக்குள்தான்.

“ஒழுங்கு ஒழுங்காப் போகட்டும்” என்றார் இராசமலர் அக்கா. முதல் கோப்புறை மணப்பெண் மேக்கப். அது மட்டும் நூற்றெழுபது ஜிபி.

“மேக்கப்புக்கு இவ்வளவோ?”

“உம்மடை தங்கச்சியிட்டைக் கேளும்.”

ஒன்பதே முக்கால் ஆகவில்லை, பச்சைக் கோடு நின்றுவிட்டது. மவுசின் அம்புக்குறி சுற்றியது. திரை வெளிறியது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம், ஏதோ எங்கள் மூச்சால்தான் அது நின்றது போல. பிறகு டொங் என்று ஒரு சத்தம். திரையில் டிஸ்க்கைக் காணவில்லை. பெயரே இல்லை. அலுமாரிக்குள் மட்டும் அதன் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“கனடாச் சாமான்” என்றார் இராசமலர் அக்கா.

“அக்கா, உது சீனச் சாமான்.”

“அப்ப கனடாவிலை விக்கிற சீனச் சாமான். இன்னும் மோசம்.”

கழற்றிச் செருகினார். டிஸ்க் திரும்பி வந்தது. பிழை இருக்கிறதா என்று ஒரு சோதனை போட்டார், அரைகுறையாக நின்ற ஒரு கோப்பை அழித்தார், வேறு துளையில் வயரைச் செருகி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பதினைந்து நிமிடம். மறுபடி டொங்.

“வயர்தான்” என்று முடிவுகட்டி, ஸ்கூட்டியில் சந்திக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்தார். டிஸ்க் அலுமாரிக்குள்ளேயே கரண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தையும் தியாகராசா அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். “பயப்படாதையும் தம்பி, வான் போனா வேறை வான் வரும்” என்றார். விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

புது வயரில் பன்னிரண்டு நிமிடம். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்.

மேக்கப்பும் தாலிக்கான பொன்னுருக்கலும் மாப்பிள்ளை அழைப்பின் ஒரு பகுதியும் வந்திருந்தன. தாலி வரவில்லை. அம்மாவுக்கு இருபத்தாறு நிமிடம் கண்மை பூசுகிறதைக் காட்டப் போகிறேன்.

“டிஸ்க் செத்துப் போச்சோ அக்கா?”

“செத்தது திரும்பத் திரும்ப எழும்பி வராது. உது நாற்பது, பதினைஞ்சு, பன்னிரண்டு, அஞ்சு எண்டு குறைஞ்சு வருது. களைச்சுப் போகுது.” விரலை மடக்கி எண்ணினார். “ஆனா உம்மடைதான் உப்பிடிச் செய்யுது. என்ரையெல்லாம் இந்த அலுமாரிக்குள்ளை ரெண்டு வருசமாக் கிடக்கு, ஒரு குறை வைக்கேல்லை.”

“பின்னை?” என்று பேப்பருக்குள்ளிருந்து தியாகராசா அண்ணையின் குரல் வந்தது. “என்ரை வேலையெல்லோ. எறும்பு போகாது, தூசி போகாது. ஒரு பொட்டுக் காத்துக்கூடப் போகாது.”

இராசமலர் அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழும்பி அலுமாரிக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த சூடு நான் இருந்த இடத்துக்கே பட்டது. டிஸ்க்கில் கையை வைத்தவர் உடனே இழுத்துக்கொண்டார்.

“அடக் கடவுளே! தோசைக்கல்லு!”

டிஸ்க்கின் சூட்டைக் காட்டுகிற சின்ன மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து திறந்து பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். டிஸ்க்கைத் திரும்ப இணைத்துப் பார்த்தபோது அறுபத்துநாலு பாகை. அறுபதுக்கு மேல் போகக்கூடாது.

“என்ரை டிஸ்க்குக்கு நான் ஒரு கமராக் கார்டைக் கொப்பி பண்ணுவன், பத்து நிமிசம். பிறகு தேத்தண்ணி குடிப்பன், அதுவும் ஆறும். உம்மடையை மணிக்கணக்கா ஓட விட்டம். உள்ளுக்கை தட்டு நிக்காமல் சுத்துது. சுத்தி ஒரு பிளாஸ்ரிக் கூடு, காத்தாடி இல்லை. அந்தக் கூட்டுக்கு மேலை இந்த மனிசன்ரை கூடு. வெக்கை எங்கை போறது? உள்ளுக்கையே நிண்டு கொதிச்சு, வயர் பூட்டுற சின்னச் சேர்க்கிட் போர்ட்டும் மயங்கி விழுந்திடுது.”

“அலுமாரியிலை பிழை இல்லை” என்றார் தியாகராசா அண்ணை.

“அலுமாரியிலை ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிழை.”

பிரிட்ஜுக்குள் வைப்போமா என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

“வையும். வெளியிலை எடுக்க ஈரம் பிடிக்கும். பிறகு அம்மாவுக்கு டிஸ்க்கைப் பிழிஞ்சு காட்டும்.”

நிறுத்திக் கழற்றி, மேசையில் அரைமணி நேரம் ஆறவிட்டார்கள். பிறகு டிஸ்க்கின் கூட்டைத் திறக்க வேண்டும் என்றார் இராசமலர் அக்கா. அதில் ஆணி ஒன்றும் இல்லை, ஒன்றோடொன்று மாட்டுகிற கொளுவி மட்டும். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று நான் முனகினேன்.

“உத்தரவாதத்தைக் கொம்மாவுக்குக் காட்டப் போறீரோ, தாலியைக் காட்டப் போறீரோ?”

தியாகராசா அண்ணை மெல்லிய உளி ஒன்றைக் கொண்டுவந்து விளிம்பில் வைத்து, பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவிச்சிபோல் மெதுவாக நெம்பினார். டிக், டிக் என்று நாலு பக்கமும் விட்டது. வெளியே வந்த டிஸ்க்கின் பின்னால் அந்தச் சின்னப் போர்ட் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி டிஸ்க்கை நேரே கம்பியூட்டருக்குள் கொடுக்கலாமே என்றேன்.

“சில கம்பனிக்காரர் அந்தப் போர்ட்டிலைதான் பூட்டு வைச்சிருப்பினம். கழட்டினா ஒண்டும் வாசிக்கேலாது. அது இருந்த இடத்திலை இருக்கட்டும்.”

இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே டிஸ்க்கை நிமிர்த்தி வைத்து, அறையில் இருந்த ஒரே மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பினார்கள். மணி பன்னிரண்டு. இந்த முறை ஒழுங்கையெல்லாம் விட்டுவிட்டு, “தாலியிலை இருந்து தொடங்குவம்” என்றார் இராசமலர் அக்கா.

முப்பத்தொன்பது பாகை. நாற்பத்திரண்டு. நாற்பத்துநாலில் நின்றது. நாங்கள் மூவரும் வியர்வையில் நனைந்தோம், டிஸ்க் மட்டும் குளிர்ந்தது. தியாகராசா அண்ணை பேப்பரால் விசிறிக்கொண்டு, “கலியாண வீட்டிலை எனக்கே உப்பிடிக் காத்து வரேல்லை” என்றார். நான் ஒவ்வொரு நிமிடமும் திரையில் பாகை எண்ணைப் பார்த்தேன். ஒரு மணிக்கு, காலையில் நின்றுபோன அந்த நாற்பது நிமிடத்தைத் தாண்டிப் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். “முதல் வாயை மூடும், அது கேட்டிட்டுப் போயிடும்” என்றார் இராசமலர் அக்கா.

இரண்டு மணிக்குக் கடைசியாகப் பந்தி மிஞ்சியிருந்தது. சனம் சோறு சாப்பிடுகிறது மட்டும் தொண்ணூறு ஜிபி. இன்னும் கால் மணி நேரம். “விடுவமோ?” என்றார் அக்கா. “விடாதேங்கோ, யார் வந்தது வரேல்லை எண்டு அம்மா அதிலைதான் பார்ப்பா” என்றேன். இரண்டு இருபதுக்கு முடிந்தது.

“அப்ப இஞ்சை இருக்கிறதை அழிக்கட்டோ?”

ஒருமுறை திறந்து பார்ப்போம் என்றேன். கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. ஆனாலும் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை, ஆனால் முதல் மணியிலேயே எடுத்தார். என்னுடைய டிஸ்க்கிலிருந்து தாலி கட்டுகிற துண்டை ஓடவிட்டு, போனைத் திரைக்கு முன்னால் பிடித்தேன்.

மேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்தார். சரியாக அந்த நேரம் பெரியம்மாவின் முதுகு முழுத் திரையையும் மறைத்தது.

“உந்தக் கிழவிக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையோ!” என்று அம்மா போனுக்குள்ளிருந்து கத்தினார். “தாலியைக் காணேல்லை!”

“பொறுங்கோ அம்மா, நான் ஒரு கமராவோடை போறவள் இல்லை” என்று இராசமலர் அக்கா இரண்டாவது கமராவின் கோப்பைத் திறந்தார். ஐயரின் கை விலகியது. தாலி தெளிவாகத் தெரிந்தது. மூன்று முடிச்சும். தங்கச்சி குனிந்தபடி கண்ணைத் துடைத்தாள், கண்மை கொஞ்சம் கலைந்தது.

அம்மா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு, “திரும்பப் போடுங்கோ பிள்ளை” என்றார்.

மூன்று தரம் போட்டோம். வெளியில் வான்காரர் ஹார்ன் அடிக்கத் தொடங்கினார். “அடிக்கட்டும், காசா பணமா” என்றுவிட்டு இராசமலர் அக்கா நாலாவது தரமும் போட்டார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தன் கம்பியூட்டரில் இருந்த ஆயிரத்து இருநூறு ஜிபியையும் தெரிந்தெடுத்து, ஒரு விரலால் அழித்தார்.