வாலில் வைத்த பச்சை

ரெஜிலாக்காவுக்குக் குளத்தூரில் கல்யாணம் முடிந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் சபையில் அவளைப் பார்த்துக் கேட்காதவர்கள் இல்லை, "இனி படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று. அவளோ மறுநாள் காலையில் தனுவச்சபுரத்தில் ரயில் ஏறிவிடுவாள். நான் நெய்யாற்றின்கரையில் ஏறுவேன். இருவருக்கும் திருவனந்தபுரத்தில் ஒரே லேப். என்னைவிட மூத்தவள், என்னைவிட அறிவாளி, என்னைவிடப் பிடிவாதக்காரி. முதல் இரண்டையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

அவளுக்குக் கிடைத்தது ராஸ். நம் செல்களுக்குள் இருக்கும் சின்னப் புரதம், செல்லைப் பெருகச் சொல்லும் சுவிட்ச். GTP என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது ஆன். அந்த GTP-யிலிருந்து ஒரு பாஸ்பேட் வெட்டுப்பட்டு GDP ஆகிவிட்டால் ஆஃப். வெட்ட முடியாமல் போனால் ஆனிலேயே நிற்கும், செல் நிறுத்தாமல் பெருகும். புற்றுநோயில் பல வகை இப்படி வருவதுதான்.

ஆனில் இருந்தால் மட்டும் காரியம் நடக்காது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் ராஸ் ஒட்டியிருக்க வேண்டும், அங்கிருந்துதான் செய்தி அடுத்த புரதத்துக்குப் போகும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை, ராஸ் ஒட்டுவதற்கு வழி அந்த மாலையின் கடைசி நுனியில், அதன் வாலில் இருக்கிறது. கடைசியிலிருந்து நாலாவதாக சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். ஒரு நொதி அந்தக் கடைசி நாலையும் பார்த்து அடையாளம் கண்டு, சிஸ்டீனில் ஃபார்னசில் என்ற கொழுப்புச் சங்கிலியைக் கட்டும். பிறகு மீதி மூன்றும் வெட்டப்படும். சவ்வும் கொழுப்பு என்பதால் சங்கிலி அதற்குள் போய் அமர்ந்துகொள்ளும். எண்ணெய் எண்ணெயோடுதானே சேரும்.

ஒரு மருத்துவமனையில் சில நோயாளிகளின் கட்டியில் ராஸில் புதிதாக ஒரு மாற்றம் தெரிந்தது. அது கெடுதலா இல்லையா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கைடு ஷியாமளா மேடம் அதை ரெஜிலாக்காவிடம் கொடுத்தார்.

அவள் அந்த ராஸோடு பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை ஒட்டி, செல்லுக்குள் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். சாதாரண ராஸ் செல்லின் ஓரத்தில் பச்சை வளையமாகத் தெரிந்தது. மாறிய ராஸ் செல் முழுக்கக் கலங்கிப் பரவிக் கிடந்தது. அது GTP-யை விடாமல் பிடித்திருந்தது, ஆனால் செய்தி போகவில்லை. ஆக, சுவிட்ச் ஆன், ஆனால் சவ்வில் இல்லை, எனவே இந்த மாற்றம் ஆபத்தில்லாதது! லேபில் கேக் வெட்டினோம். பேப்பர் எழுதியாயிற்று. திங்கட்கிழமை அனுப்ப வேண்டியது. பேப்பர் போனால்தான் அவள் தீசிஸ் கொடுக்கமுடியும், உதவித்தொகையோ அந்த மாதத்தோடு முடிகிறது. இரண்டாவது பெயர் என்னுடையது. வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

பேப்பருக்கு ஒரு படம் மட்டும் பாக்கி. எந்தப் புரதம் எங்கே ஒட்டப்பட்டது என்று காட்டும் கோட்டுப்படம், கடைசி நேரத்து எடுபிடி வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலராமபுரத்தில் வண்டி எதிர்வண்டிக்காக நின்றது. அவள் மடியில் லேப்டாப்பை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"மக்கா, இந்த வால் எங்கயாக்கும் முடியுது?"

"எதுக்க வால்?"

"ராசுக்க வால். சிஸ்டீன் கடைசியில இருந்து நாலாவதா நிக்கணும். நான் அதுக்குப் பொறத்த பச்சையக் கொண்டு ஒட்டி வச்சிருக்கேன். இருநூத்திச் சொச்சம் அமினோ அமிலம் அதுக்குப் பொறவு உண்டு. பின்ன நொதி எதப் பாத்து கொழுப்பக் கெட்டும்?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. எங்கள் லேபில் எந்தப் புரதமானாலும் பச்சையை வாலில்தான் ஒட்டுவோம், அதுதான் பழக்கம். கை தானாகச் செய்யும். மற்ற புரதங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ராஸுக்கு வால்தான் எல்லாமே. ஒப்பிட வைத்திருந்த சாதாரண ராஸ் வேறொரு லேபில் இருந்து வாங்கியது. அதில் பச்சை தலைப்பக்கம் இருந்தது. மாற்றத்தால் விலகியதா, நாங்கள் வாலை அடைத்ததால் விலகியதா என்று எங்களுக்கே தெரியாது.

"அக்கா, இப்ப யார்ட்டயும் செல்லாண்டாம். பேப்பர் போகட்டு, பொறவு பாக்கலாம்" என்றேன். சொன்னேன்தான். ஆசை யாரை விட்டது.

"அந்த ஆஸ்பத்திரி டாக்டர் இத வாசிச்சிட்டு நோயாளிட்ட பயப்படாண்டாம்னு செல்லுவாரு. அதுக்கு ஆராக்கும் பொறுப்பு?"

வண்டி கிளம்பிவிட்டது. அவள் லேப்டாப்பை மூடவேயில்லை. தனுவச்சபுரத்தில் ஸ்கூட்டரோடு நின்ற அவள் கணவர் சிபி அண்ணனிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அவர் பாறசாலையில் மரக்கடை வைத்திருக்கிறார், ராஸும் தெரியாது ஒன்றும் தெரியாது. "அப்பம் முதல்ல இருந்து செய்யணுமா? செய்யி" என்றாராம்.

சனிக்கிழமை அவள் மேடத்தின் அறைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். மேடம் படத்தை நெடுநேரம் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தானும் கவனிக்காமல் விட்டதாகச் சொல்லிவிட்டு, உதவித்தொகையை நீட்டிக்க வழியே இல்லை என்றும் சொன்னார்.

"காசு இல்லாம வந்து செய்றேன் மேடம். லேப் மட்டும் அடைக்காண்டாம்."

அவள் வந்தாள். மழையிலும் வந்தாள், காய்ச்சலோடும் வந்தாள், சபையில் கேள்வி கேட்டவர்களைத் தாண்டியும் வந்தாள். நான் முதல் வாரம் அவளோடு பேசவில்லை, அவ்வளவு கோபம் எனக்கு. அவள் அதைக் கண்டுகொள்ளாததில் இன்னும் கோபம். சாதாரண ராஸ், மாறிய ராஸ் இரண்டுக்கும் பச்சையை ஒரு முறை வாலிலும் ஒரு முறை தலையிலும் வைத்து நாலு விதமாகச் செய்தாள். இனி யாரும் குறை சொல்லமுடியாதபடி.

பார்க்கிற அன்று என்னைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாலில் பச்சை வைத்தவை இரண்டும் கலங்கல்தான், சாதாரண ராஸ்கூட. தலையில் வைத்த சாதாரண ராஸ் வளையமாக நின்றது. கடைசித் தட்டை வைத்துக் குவியத்தைத் திருகினாள்.

மாறிய ராஸ், செல்லின் ஓரம் முழுக்க, துலக்கமான பச்சை வளையம். அத்தனை வருடத்தில் அந்த லேபில் யாரும் அவ்வளவு நல்ல படம் எடுத்ததில்லை. சுவிட்சும் ஆன், சவ்விலும் ஒட்டியிருக்கிறது. செய்தியை அளந்தபோது சாதாரண ராஸைவிட மிக அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஆபத்தில்லை என்று எழுதி வைத்திருந்த மாற்றம் செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. பேப்பருக்காகவா, நாங்கள் எழுதி வைத்திருந்ததை நினைத்தா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ரெஜிலாக்கா அழவில்லை. கையுறையைக் கழற்றினாள், மேடத்திடம் படத்தைக் காட்டிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டு மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், ஷியாமளா மேடத்துக்க லேப்ல இருந்து ரெஜிலாவாக்கும். அந்த மாற்றம் உள்ளவங்கள விட்டுராதிங்க."