அறுந்த இடத்தில் ஒட்டிய பதில்

“…உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதுமா, அண்ணாச்சி? பொய்யின்னு சொன்னப்போ அம்புட்டுப் பேரும் நின்னு கேட்டாவள்ல? உண்மையின்னு சொல்லுறப்பவும் அவுக நின்னு கேக்கட்டும்.”

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் ஆபீஸ் அறையில், ஓனரும் நானும் உட்கார்ந்திருக்க, நின்றபடி இதைச் சொன்னவர் அங்கே பேக்கிங் இன்சார்ஜாக இருந்த அம்மா. சரியாகச் சொன்னால், இரண்டு வாரம் முன்புவரை இன்சார்ஜாக இருந்தவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். செக்கிங் டேபிளில் பல வருஷம் பிசிறு வெட்டி, அந்த வருஷம்தான் இன்சார்ஜ் ஆகியிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். வாயைத் திறந்தால் ஒரு பழமொழியாவது விழும். நான் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வருகிற ஆள்.

நான் கம்ப்யூட்டரைக் காலேஜில் படித்தவனல்ல. யூடியூபைப் பார்த்தும் தப்புச் செய்தும் கற்றுக்கொண்டவன். நானும் ஒரு நண்பனும் சேர்ந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு சாட்பாட் பக்கம் செய்து கொடுத்திருந்தோம். சரக்கை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற ஆர்டர் விவரமெல்லாம் இங்கிலீஷில் நீளநீளமாக இருக்கும். அதை உள்ளே போட்டுவிட்டால், “இந்த ஸ்டைலுக்கு எப்படிப் பேக் பண்ணணும்?” என்று டேப்லெட்டில் தமிழில் கேட்கலாம். பதில் சொல் சொல்லாகத் திரையில் ஓடி வரும். மொத்தமாகக் காத்திருந்து வாங்கினால் அரை நிமிஷம் வெறும் திரையைப் பார்க்க வேண்டும், ஜனங்களுக்குப் பொறுக்காது. அதனால் பின்னாலிருந்து பதிலை உருவாக்குகிற ஏஐ மாடல் சொல்லச் சொல்ல, எங்கள் சர்வர் அதைத் துண்டு துண்டாக அனுப்பும். டேப்லெட்டிலிருந்து சர்வர் வரை ஒரு இணைப்பு திறந்தபடியே இருக்கும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. சொற்கள் ஓடி வருவதைப் பார்த்து ஓனருக்கு ஒரே குஷி. “எதுத்தாப்புல உக்காந்து ஆளு பேசறாப்பலயே இருக்குதுங்க” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

குழாயென்றால் தண்ணீர் நிற்கவும் செய்யும். இங்கே அது நிற்பது கரண்ட் போகும்போது. லைன் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறுகிற இடைவெளியில் வைஃபை பெட்டி அணைந்து மறுபடி எழுந்திருக்கும். டைலர்களுக்கு அந்த நேரம் ஓய்வு; மெஷின் ஓடாது, கால் நீட்டிக்கொள்ளலாம். பேக்கிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மடிப்பதும் கவரில் போடுவதும் கைவேலை. ஜன்னல் வெளிச்சம் போதும், கை நிற்காது. டேப்லெட்டோ பேட்டரியில் ஓடுவது. ஆகவே கரண்ட் போகிற அந்த நிமிஷத்திலும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே இடம் பேக்கிங் ஹால்தான். எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து சோதித்த எங்களுக்கு இது தோன்றவில்லை.

அந்தக் கம்பெனிக்கு அதுதான் முதல் குழந்தை உடை ஆர்டர். தைக்கும்போது ஊசி ஒடிந்து நுனி துணியில் தங்கிவிட்டால் குழந்தையின் உடம்பைக் கிழிக்கும் என்பதால், ஒவ்வொரு பீஸையும் நீடில் டிடெக்டர் என்கிற மெஷினுக்குள் விட்டு எடுத்த பிறகே கவரில் போட வேண்டும் என்று பையர் எழுதியிருந்தார். அந்த அம்மா டேப்லெட்டில் கேட்டார். பதில் வந்தது. அதன்படி பேக் செய்தார்கள். பையரின் ஆள் வந்து ஒரு பெட்டியை வெட்டித் திறந்து, டிடெக்டரில் விட்டீர்களா என்று கேட்டபோதுதான் யாருமே விடவில்லை என்று தெரிந்தது. அத்தனை பெட்டியும் பிரிக்க வேண்டியதாயிற்று.

“அதுல அப்படி ஒண்ணும் சொல்லலியே” என்றார் அந்த அம்மா.

ஓனர் பழைய கேள்வி பதிலைத் திறந்து பார்த்தார். கேள்வி இரண்டு தடவை இருந்தது. பதிலும் இரண்டு. இரண்டிலும் நீடில் டிடெக்டர் தெளிவாக இருந்தது.

“ஏனுங்க, ரெண்டு தடவ கேட்டிருக்கறீங்க, ரெண்டு தடவயும் சொல்லியிருக்குது. படிக்காம உட்டுட்டு மெஷின் மேல பழியப் போட்டா எப்படீங்க? தப்புப் பண்ணுனாக்கூடப் பரவால்லீங்க கண்ணு, பொய் பேசாதீங்க.”

எங்கள் ஊரில் ஏச்சுக்கும் ‘ங்க’ உண்டு. அதனால் வலி குறைவதில்லை. ஹால் முழுக்கப் பெண்கள் நின்று கேட்டார்கள். “நான் ஒருக்காத்தான் கேட்டேன்” என்றார் அவர். யாரும் காதில் வாங்கவில்லை. அன்றே செக்கிங் டேபிளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டி பிரிக்க உட்கார்ந்தவர்களில் ஒருத்தி சிரிக்காமலே சொன்னாளாம்: “இனி அக்கா மணி சொன்னாலும் டேப்லெட்ல ஒருக்காக் கேட்டுக்கோணுமுங்க.”

வேறொரு வேலையாக நான் போனபோது அந்த அம்மா செக்கிங் டேபிளிலிருந்து கூப்பிட்டார். கையில் கத்தரி, கண் துணியில்.

“அண்ணாச்சி, உங்க பொட்டிக்கு ஒண்ணுக்கு ரெண்டாத் தெரியுற வியாதி இருக்கா?”

“ஏனுங்கக்கா?”

“ஒருக்காக் கேட்டா ரெண்டு தரம் கேட்டேன்னு சொல்லுதே. நடுவுல கரண்டு போச்சு. வந்தப்புறம் அதுவாட்டு மிச்சத்த ஓட்டுச்சு. நான் தொடவே இல்ல.”

அதுவாக ஓட்டுகிற அந்த வேலை நானும் நண்பனும் எழுதி வைத்தது. இணைப்பு அறுந்தால், மறுபடி கிடைத்ததும் பக்கம் அதே கேள்வியைச் சர்வருக்குத் தானே அனுப்பும். திரையில் ஏற்கெனவே எத்தனை எழுத்து இருக்கிறதோ, புதுப் பதிலின் தலையிலிருந்து அத்தனை எழுத்தைத் தாண்டிவிட்டு மீதியை ஒட்டும். அதே கேள்விதானே, அதே பதில்தானே வரும் என்று நினைத்துவிட்டோம். மாடல் அப்படிப்பட்ட ஆளல்ல. ஒரே கேள்விக்கு இரண்டு தடவை இரண்டு விதமாகச் சொல்லும். இரண்டும் சரியாக இருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம்.

அவர் கணக்கில் பதிவான இரண்டு பதிலையும் எடுத்துப் பார்த்தேன். முதல் பதிலில் பிசிறு, அயர்ன், அளவு, லேபிள் என்று போய், அதற்கப்புறம் டிடெக்டர். லேபிள் வரை வந்ததும் கரண்ட் போயிருக்க வேண்டும். டேப்லெட்டுக்கு மேற்கொண்டு எதுவும் வரவில்லை. சர்வர் மட்டும் மாடலிடமிருந்து முழுதும் வாங்கிப் பதிந்துவைத்துவிட்டது. இரண்டாவது பதில், குழந்தை உடை என்பதால் டிடெக்டரையே முதலில் சொல்லித் தொடங்கியிருந்தது. அந்தத் தலைப்பகுதியைத்தான் பக்கம் தாண்டிவிட்டது. மடிப்பு, கவர், பெட்டி என்ற வால் மட்டும் வந்து ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் ஒரு சொல் கோணலாக இருந்திருக்கும். மெஷின் தமிழ்தானே என்று யாரும் விட்டுவிடுவார்கள்.

மறுநாள் டேப்லெட்டோடு பேக்கிங் ஹாலில் உட்கார்ந்து, பதில் ஓடும்போது வைஃபை பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். சில சமயம் ஒட்டு அசிங்கமாகத் தெரிந்தது. சில சமயம் அதிர்ஷ்டவசமாக எல்லாம் சரியாக வந்தது. ஒரு தடவை டிடெக்டர் மட்டும் மாயமாய் மறைந்து, மற்றதெல்லாம் மழமழவென்று வந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு நல்ல பனியன ஆளுக்குப் பாதியா வெட்டித் தச்சிருக்கீய. கழுத்தே இல்லாம வந்திருக்கு. கழுத்தக் காணோம்னு சொன்னவ பொய்க்காரி.”

அதைப் பொறுக்கி வைத்துக்கொள்ள அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

நண்பனும் நானும் ஒரு வாரத்தில் மாற்றி எழுதினோம். இப்போது கேள்வி ஒரு தடவைதான் மாடலுக்குப் போகும். டேப்லெட் கேட்டுக்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், சர்வர் பதிலை வாங்கி, துண்டுக்கு ஒரு எண் போட்டு வைத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்து திரும்பினால் பக்கம் கேள்வியை அனுப்பாது. “இந்தப் பதிலில் இந்த எண்வரை வந்துவிட்டது” என்று மட்டும் சொல்லும். அதற்கடுத்த எண்ணிலிருந்து சர்வர் கொடுக்கும். சொல் எதுவும் வராத நேரத்திலும் சர்வர் அவ்வப்போது ஒரு சின்னத் துடிப்பை அனுப்பும். அது நின்றால் இணைப்பு போய்விட்டதென்று பக்கத்துக்குத் தெரியும். கடைசித் துண்டுக்குப் பின் முடிந்தது என்கிற குறி வரும். அது வரும்வரை திரையின் அடியில் சிவப்பில், “பதில் இன்னும் முடியவில்லை” என்று நிற்கும்.

இதையெல்லாம் ஓனரிடம் சொல்லி, போட்டோவையும் காட்டத்தான் அன்றைக்கு ஆபீஸ் அறைக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவையும் வரச் சொன்னார். ஓனர் கெட்டவரல்ல. போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பேச்சு மாறும், பதிவு மாறாதுன்னு இருந்துட்டனுங்க. பதிவுல இருக்கறது ஒண்ணு, கண்ணுல பட்டது ஒண்ணாட்ட இருக்குது. சரி, உடுங்க கண்ணு. திங்கக்கெழமையிலிருந்து நீங்களே இன்சார்ஜா நில்லுங்க. ஆனதப் பேசி என்ன?”

அப்போதுதான் அந்த அம்மா ஓனரிடம், ஹாலில் அத்தனை பேரும் கேட்கட்டும் என்றது.

“போட்டோவ வேணா ஹால்ல ஒட்டிரலாமுங்க” என்றார் ஓனர்.

“போட்டோவ எங்க வீட்டுப் பிள்ளையே போன்ல மாத்துவான். பழைய பக்கம் இருக்கா அண்ணாச்சி?”

இருந்தது. ஒரு சொடுக்கில் திருப்பிவிடலாம்.

“பதிவுல இருக்கற ரெண்டு பதிலையும் வச்சு, அன்னைக்கு நடந்த மாதிரியே ஓட்டிக் காட்டட்டுங்களா?” என்று கேட்டேன். அது எனக்குப் பத்து நிமிஷ வேலை.

“சோடிச்சு வச்ச நாடகம்பாக. வேண்டாம். இப்பக் கேட்டு, இப்ப வரட்டும்.”

ஹாலுக்குப் போனோம். ஓனரே குரல் கொடுத்து டேபிளில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். கை வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மணியைச் சொல்லிக் கிண்டல் செய்தவளும் நின்றாள், முகத்தில் ஒன்றும் இல்லாமல். நான் பழைய பக்கத்தைத் திறந்து டேப்லெட்டை அந்த அம்மாவிடம் நீட்டினேன். நீட்டும்போதே மெதுவாகச் சொன்னேன்.

“அக்கா, ஒவ்வொரு தடவயும் தப்பு வராதுங்க. இந்தத் தடவ ஒட்டுன பதில் சரியாவே வந்துட்டா, நீங்க சொன்னது பொய்யின்னே ஆயிருமுங்க. இவங்க மறுபடி நின்னு பார்க்க மாட்டாங்க.”

“தெரியும்” என்றார்.

கேள்வியைத் தட்டினார். திரையில் பிசிறு என்ற சொல் வந்தது, பிறகு அயர்ன், பிறகு அளவு. ஒருத்தி உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஓனர் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டார். லேபிள் என்ற சொல் பாதி வந்திருக்கும். அந்த அம்மா டேப்லெட்டை எல்லோருக்கும் தெரியும்படி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய், குனிந்து, வைஃபை பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினார்.