நாலரை மீட்டர் கம்பி

அந்தக் கட்டட வேலையிடத்தில் எல்லாரும் அவளை ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சிமெண்டு முதல் ஆணி வரை அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். கம்பி வெட்டும் இரண்டு பேரும் அவளுடைய கூடப் பிறந்த தம்பிகள். ஒரு வீட்டுச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியவன் உத்தரத்துக்கு வெட்டுவான், சின்னவன் தூணுக்கு. ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு மூலை.

அன்று பழைய இரும்பு ஏற்ற லாரி வந்தது. "கலந்துகட்டி ஏத்தாதீங்க, நீளம் பாத்துப் பிரிங்க" என்று ஸ்டோரக்கா அதட்டினாள். பிரித்தபோது, பெரியவன் கழித்த கம்பிகள் ஒரே அளவில் குவிந்தன. பன்னிரண்டு மீட்டர் கம்பியில் தனக்கு வேண்டிய ஏழரையை வெட்டிக்கொண்டு, மிச்சத்தை எறிந்திருந்தான்.

ஒன்றை இழுத்துப்போய், சின்னவன் புதுக் கம்பியில் வெட்டி வைத்திருந்த துண்டின் பக்கத்தில் போட்டாள். அதே கனம். அதே நாலரை மீட்டர்.

"அடப் பாவிங்களா. இவன் வெட்டுறதைத்தான் அவன் குப்பையில போடுறானா?"

சத்தம் கேட்டு இருவரும் அங்கே வந்து பார்த்தார்கள். பெரியவன் மெல்ல, "தூணுக்கு இன்னும் எத்தனை வேணும்னு கேளுக்கா" என்றான்.

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற சின்னவன், "நூறுன்னு சொல்லுக்கா" என்றான்.

ஸ்டோரக்கா லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினாள். வரவிருந்த புதுக் கம்பியை நிறுத்தினாள். பிறகு சின்னவனின் மெஷினை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இனிமே ஒரே மெஷின்தான். ஒருத்தன் பிடி, ஒருத்தன் வெட்டு."