நாலாம் வாய்ப்பாட்டில் துடித்த நாடி

கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். என் கணவருக்குச் சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. நடுவில் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். இது ஒரு தூரமா என்று கேட்பவர்கள் மூன்று ஷிப்ட் வேலை பார்த்ததில்லை. மாமனார் பக்கவாதத்தில் படுத்த பிறகு, பிறந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மகள் கடலூரில் பிளஸ் டூ. ஆளுக்கு ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு ஊரில் இருந்தோம். வாரத்தில் ஒரு நாள் ஆஃப் கிடைத்தால் நான் போவேன். போய் இறங்கியதும் துணி துவைக்கவும் மாமனாரைக் குளிப்பாட்டவும் நேரம் சரியாக இருக்கும். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் கணவர் முகத்தையே நன்றாகப் பார்த்தேனா என்று நினைவு வரும். அந்த வருத்தத்தை யாரிடம் சொல்வது? எல்லோரும், சம்பளம் வருதில்ல என்பார்கள்.

போன வருஷம் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று சொல்லி, மற்ற மருந்துகளோடு டிஜாக்சின் மாத்திரையும் எழுதினார். காலையில் ஒன்று. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. போடுவதற்கு முன் நாடி பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைத் தொடாமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

"வீட்டம்மா நர்ஸ்தானே, சொல்லிக்குடுத்துடுவாங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க. டீ குடிச்ச உடனே பாக்காதீங்க. இடது கையை மேசை மேல உள்ளங்கை மேல பாத்தாப்புல வைங்க. கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், எலும்புக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். வலது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் அங்கே லேசாக வைக்க வேண்டும். கட்டை விரலால் பார்க்கக் கூடாது, அதில் ஓடும் துடிப்பையே எண்ணிக்கொண்டிருப்போம். அழுத்தினால் நாடி அடங்கிவிடும், தொட்டும் தொடாமலும் இருந்தால் கிடைக்காது. கிடைத்த பிறகு விநாடி முள்ளைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். ஒழுங்காகத் துடிப்பவர்களுக்கு அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கலாம். இவருக்கு ஆகாது. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும்.

"சரிங்க டீச்சர்" என்றார். அவருக்கு எதிலும் கிண்டல்தான்.

மறுநாளிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வரும். நான் ஏழு மணி டியூட்டிக்கு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருப்பேன். "எழுபத்திரண்டு" என்பார். நான் சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில், பால் பாக்கெட் கணக்குக்குக் கீழே, எழுதிக்கொள்வேன். "மாத்திரை போடுங்க" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. மறுமுனையில் அவருக்கும் அப்பாவுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். வைத்த பிறகு, இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமே என்று அடுப்பின் முன் நின்று ஏங்குவேன். அடுத்த நாளும் அதையே செய்வேன்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வார்டில் இல்லை என்று கேளுங்கள். காலை டியூட்டியில் முப்பது கட்டில், இரண்டு நர்ஸ். டெம்பரேச்சர், நாடி, மூச்சு எல்லாம் எட்டு மணி ரவுண்டுக்குள் சார்ட்டில் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொருவர் கையையும் ஒரு நிமிஷம் பிடித்தால் அரை மணி நேரம் அதற்கே போய்விடும். அதனால் பதினைந்து விநாடி எண்ணுவோம், நாலால் பெருக்குவோம், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். பல வருஷப் பழக்கத்தில் பெருக்கல்கூடத் தேவைப்படாது, கை தானாக எழுதும்.

புதிதாக வந்த நர்சிங் சூப்பரிண்டெண்ட் ஒரு வியாழக்கிழமை எங்கள் சார்ட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பினார். எதையும் சத்தமாகச் சொல்லாத ஆள். அன்று சொன்னார்.

"இன்னாம்மா இது? அறுபத்தெட்டு, எழுபத்தாறு, எண்பது, எண்பத்துநாலு, எழுபத்திரண்டு. உங்க வார்டுல எல்லாருக்கும் நாலாம் வாய்ப்பாட்டுலதான் நாடி அடிக்குதா? ஒருத்தருக்குக்கூட எழுபத்தொண்ணு வராதா?"

சின்னப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவருக்கென்ன, மேசையில் உட்கார்ந்துகொண்டு பேசலாம், முப்பது கட்டிலுக்கு ஓடிப் பார்க்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். எதிரே காலண்டர் தொங்கியது.

எழுபத்திரண்டு. அறுபத்தெட்டு. எழுபத்தாறு. அறுபத்துநாலு. எழுபத்திரண்டு. அன்று காலை எழுதியது அறுபது.

மாதம் முழுக்க நாலாம் வாய்ப்பாடு.

கையில் இருந்த சொம்பை வைத்துவிட்டேன். அன்று காலை அவர், "அறுபதுதான் இருக்கு. கீழே போவல இல்ல? போட்டுக்கலாம்ல?" என்று கேட்டது நினைவு வந்தது. போட்டுக்கச் சொன்னது நான். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றார். ஹோட்டலில் தின்றிருப்பீர்கள் என்று அதட்டினேன். கடையில் ஜெராக்ஸ் பேப்பர் மஞ்சளாகத் தெரிகிறது, புது பண்டல் சரியில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டினார். அதையும் கேட்டுக்கொண்டு இட்லி ஊற்றினேன். டிஜாக்சின் உடம்பில் மிஞ்சிப் போனால் இதெல்லாம் வரும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் நான்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மகளுக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த டிரைவர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரை அன்று நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எனக்கு என் கணவர் வேண்டும், இன்னும் அவரோடு நான் ஒழுங்காக உட்கார்ந்துகூடப் பேசவில்லை என்பது மட்டும்தான் வழி முழுக்க நினைப்பு.

கடையில் ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் கல்லாப்பெட்டி மேல் சைலண்டில் கிடந்தது. "இன்னாம்மா, இன்னிக்கி லீவா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நாடி பாருங்க. காலையில பாத்த மாதிரியே பாருங்க."

மூன்று விரலையும் சரியாகத்தான் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் துடிப்பு கிடைத்ததுமே "ஒண்ணு" என்று ஆரம்பித்தார். அங்கேயே ஒரு தப்பு. எந்தத் துடிப்பில் நேரத்தை ஆரம்பிக்கிறோமோ அது சைபர், அடுத்ததுதான் ஒன்று. முள் கால் வட்டம் சுற்றியது. "பதினஞ்சு" என்று கையை எடுத்துவிட்டார். "அறுபது."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். முதல் கால் நிமிஷத்தில் பதினாலு வந்தது. அவர் எண்ணியதுபோலச் சேர்த்து எண்ணினால் பதினைந்து. நான் விரலை எடுக்கவில்லை. அடுத்த கால் நிமிஷத்தில் பன்னிரண்டு. அதற்கடுத்து நீளமாக ஓர் இடைவெளி, பிறகு இன்னொன்று, பத்துதான். கடைசியில் பதின்மூன்று. முழு நிமிஷத்துக்கு நாற்பத்தொன்பது.

"முழு நிமிஷம் எண்ணச் சொன்னேனா இல்லையா?" கடைத்தெரு என்று பாராமல் கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தப்புச் செய்தவர் முகமாக இல்லை. "நீ அப்படித்தான பாப்ப? அப்பா உங்க ஆஸ்பத்திரில பன்னெண்டு நாள் இருந்தாரே, கட்டில் பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். கையப் புடிப்ப, வாட்ச்சப் பாப்ப, கால்வாசி சுத்துனதும் எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்டுவ. வாயால ஜாஸ்தியா சொன்னாலும் அதான் மொறன்னு நெனச்சேன்."

கடை ஷட்டரை நானே இறக்கினேன். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாகி மருந்து உடம்பிலேயே தங்கிவிட்டது என்றார். மாத்திரையை நிறுத்தி, மூன்று நாள் மானிட்டரோடு படுக்க வைத்தார். "நாளைக்கும் ஒண்ணு போட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அந்த மூன்று நாளும் மானிட்டர் எண் காட்டிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி அவ்வளவு நேரம் அந்தக் கையைப் பிடித்ததில்லை என்று அங்கே வைத்துத்தான் உறைத்தது. அழுதேன்.

பிறகு பாதி அளவில் மாத்திரை தொடர்ந்தது. நான் டியூட்டிக்குத் திரும்பினேன். வார்டில் இப்போது ஒவ்வொருவர் கையையும் முழு நிமிஷம் பிடிக்கிறேன், சார்ட் தாமதமானால் ஆகட்டும் என்று. சின்னப் பெண்கள் எனக்கு 'அறுபது விநாடி அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சார்ட்டில் எழுபத்தொன்றும் எண்பத்து மூன்றும் வருகின்றன.

அவருக்கு நான் ஒரு புது ஏற்பாடு செய்தேன். அவர் எண்ணவே வேண்டாம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, மணிக்கட்டில் விரலை வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் "ம்" என்று சொன்னால் போதும். எண்ணுவதும் முள்ளைப் பார்ப்பதும் என் வேலை. ம். ம். ம்ம். நடுவில் நீண்ட இடைவெளி வரும்போது நானும் மூச்சை நிறுத்திவிடுவேன். அடுத்த "ம்" வந்த பிறகுதான் விடுவேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இப்போது போன் எடுக்கிறேன்.

போன திங்கட்கிழமை காலை முள் பன்னிரண்டைத் தொட்டதும், "அறுபத்தேழு. மாத்திரை போடுங்க" என்றேன். அவர் நிறுத்தவில்லை. ம். ம். ம்.

"நிமிஷம் ஆயிடுச்சுங்க."

"தெரியுது" என்றார். "இன்னும் ஒரு நிமிஷம் இரேன்."

முள் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கவில்லை. எத்தனை வந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று எனக்கு ஆறேகால் பஸ் போய்விட்டது.